மூன்று முறை வரும் துருவம்: நேர்மாறு லாப்லாஸ் மாற்றத்தைப் போடுவதும் சரிபார்ப்பதும்

ஒரு தேர்வில் என் விடையில் t²-க்கு முன்னால் 2 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது. மற்றதெல்லாம் சரி. சரிபார்க்காமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. f(0) போட்டுப் பார்த்தேன், பொருந்தியது. f'(0) போட்டேன், அதுவும் பொருந்தியது. நிம்மதியாகத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இரண்டு சோதனைகளாலும் அந்தப் பிழையைப் பார்க்கவே முடியாது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, கணக்குப் போடுவது பற்றி. மீதிப் பாதி, எந்தச் சோதனை எந்தப் பிழையைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்பது பற்றி. கடைசி வரை ஒரே கணக்குதான்:

```
F(s) = (2s² + 3s + 5) / ((s+1)³ (s+2))
```

s = −1 என்ற துருவம் மூன்று முறை வருகிறது. s = −2 ஒரு முறை.

## 1. கையில் இருக்க வேண்டியவை

பெரிய அட்டவணை தேவையில்லை. ஒரே ஒரு வரி போதும்:

```
1/(s+a)ⁿ   →   tⁿ⁻¹ e^(−at) / (n−1)!
```

இதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே தாளின் மூலையில் எழுதி வையுங்கள். கீழே உள்ள (n−1)! என்பதுதான் என் மதிப்பெண்ணைக் கொண்டுபோனது. n = 1, n = 2 என்றால் அது வெறும் 1; இருப்பதே தெரியாது. இரட்டைத் துருவக் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகியவர்களுக்கு அது மறந்தே போயிருக்கும். n = 3 வந்ததும் அது 2 ஆகிறது, n = 4-இல் 6.

நேரக் கணக்கு: கீழே சொல்லும் முறையில் இந்தக் கணக்குக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும், அதில் மூன்று நிமிடம் சோதனைக்கு. எல்லாவற்றையும் பெருக்கி விரித்து நான்கு சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையும் சரியான விடையைத்தான் தரும். ஆனால் நேரம் இரட்டிப்பாகும், குறி தவறும் இடங்களும் கூடும்.

## 2. பகுதியை முதலில் பாருங்கள்

இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் பின்னம் பிரிக்க வேண்டும்.

ஒன்று, படி. தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இங்கே 2-க்கு 4, சரி. சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் முதலில் வகுத்து ஈவைத் தனியே எடுத்து வையுங்கள்.

இரண்டு, காரணிகளில் s-இன் கெழு 1 ஆக இருக்கிறதா என்பது. (2s+1)² என்று வந்தால் அதை 4(s+½)² என்று மாற்றிய பிறகுதான் அட்டவணைக்குப் போக வேண்டும். 1/(2s+1)² என்பதன் நேர்மாறு ¼ t e^(−t/2). அந்த ¼ காணாமல் போவதை அடிக்கடி பார்க்கலாம்.

பகுதி காரணிப்படுத்தாமல் s⁴ + 5s³ + 9s² + 7s + 2 என்று விரித்துக் கொடுக்கப்பட்டிருந்தால், −1 ஒரு மூலம் என்று கண்டதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் பல்லுறுப்புக் கோவையின் வகைக்கெழுவிலும் −1-ஐப் போடுங்கள்: −4 + 15 − 18 + 7 = 0. இரண்டாம் வகைக்கெழுவிலும் போடுங்கள்: 12 − 30 + 18 = 0. மூன்றாவது 6, பூச்சியம் இல்லை. ஆக −1 மூன்று முறை வருகிறது.

## 3. சட்டகத்தை எழுதுங்கள்

```
F(s) = A₃/(s+1)³ + A₂/(s+1)² + A₁/(s+1) + B/(s+2)
```

மூன்று முறை வரும் துருவத்துக்கு மூன்று பின்னங்கள். 'கீழே இருப்பது (s+1)³ தானே' என்று A₃-ஐ மட்டும் எழுதிவிட்டு நகர்வது தொடக்கத்தில் எல்லோரும் செய்வது. பகுதியின் படி 4, எனவே தெரியாத எண்களும் 4 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

## 4. கெழுக்களைக் கண்டுபிடியுங்கள்

B சுலபம். (s+2)-ஐ விரலால் மூடிவிட்டு மீதியில் s = −2 போடுங்கள். தொகுதி 8 − 6 + 5 = 7. பகுதி (−1)³ = −1. ஆக B = −7.

A₃-க்கும் அதே வழிதான். (s+1)³-ஐ மூடிவிட்டு s = −1 போட்டால் தொகுதி 2 − 3 + 5 = 4, பகுதி 1. A₃ = 4.

இதே விரலை வைத்து A₂-வைப் பிடிக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். இரு பக்கமும் (s+1)²-ஆல் பெருக்கினால் A₂ தனியாக நிற்கும். ஆனால் பக்கத்தில் A₃/(s+1) இன்னும் இருக்கிறது. s = −1 போட்டால் அது முடிவிலிக்குப் போகிறது. மூடிப் பார்க்கும் முறை உச்சப் படிக்கு மட்டும்தான்.

பாடங்களில் வழக்கமாகச் சொல்லும் வழி வகைக்கெழு எடுப்பது. (s+1)³ நீங்கிய மீதியை G(s) = (2s² + 3s + 5)/(s+2) என்று வைத்தால், A₂ = G'(−1), A₁ = G''(−1)/2!. தவறான வழி இல்லை. ஆனால் வகுத்தல் விதியை இரண்டு முறை போட வேண்டும், அப்புறம் அந்த 2!-ஐயும் நினைவில் வைக்க வேண்டும். மறந்தால் A₁ = 14 என்று வரும்.

நான் இப்போது செய்வது வேறு. துருவத்தையே பூச்சியத்துக்கு நகர்த்திவிடுகிறேன். u = s + 1 என்று வையுங்கள், அதாவது s = u − 1:

```
2(u−1)² + 3(u−1) + 5 = 4 − u + 2u²
s + 2 = 1 + u

F = (4 − u + 2u²) / (u³ (1 + u))
```

u³-ஐ ஒதுக்கிவிட்டு, 4 − u + 2u²-ஐ 1 + u-ஆல் வகுக்கிறோம். ஒரே ஒரு மாற்றம்: வழக்கமான நெடு வகுத்தலில் பெரிய படியிலிருந்து தொடங்குவோம், இங்கே மாறிலியிலிருந்து மேலே போகிறோம்.

```
4 − u + 2u²   −  4(1 + u)     =  −5u + 2u²
−5u + 2u²     − (−5u)(1 + u)  =   7u²
7u²           −  7u²(1 + u)   =  −7u³
```

ஈவு 4 − 5u + 7u². மீதி −7u³. இப்போது u³-ஆல் வகுத்தால்:

```
F = 4/u³ − 5/u² + 7/u − 7/(1+u)
```

மூன்று கெழுக்களும் வந்துவிட்டன. கூடவே மீதியிலிருந்து B = −7 என்பதும் தானாகவே வந்து நிற்கிறது. முன்பு தனியாகக் கண்ட அதே எண். வகைக்கெழு இல்லை, காரணீயப் பெருக்கம் இல்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு அந்த இலவசச் சோதனையும் ஒரு காரணம்.

இதிலும் ஒரு குழி உண்டு. ஈவில் முதலில் வருவது 4. அது A₃-க்கு, அதாவது u³-க்குக் கீழே போகிறது. கடைசியில் வரும் 7 தான் A₁. அவசரத்தில் 4-ஐ A₁ என்றும் 7-ஐ A₃ என்றும் தலைகீழாக எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். இந்தப் பிழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் மறுபடி வரும்.

## 5. நேர நிலைக்கு மாற்றுங்கள்

மூலையில் எழுதி வைத்த வரியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக:

```
4/(s+1)³    →   4 · t²/2! · e^(−t)  =  2t² e^(−t)
−5/(s+1)²   →  −5t e^(−t)
7/(s+1)     →   7 e^(−t)
−7/(s+2)    →  −7 e^(−2t)

f(t) = (2t² − 5t + 7) e^(−t) − 7 e^(−2t),   t ≥ 0
```

(s+1) என்றால் துருவம் −1, அடுக்கில் −t. கூட்டல் குறியைப் பார்த்து e^t என்று எழுதிவிட்டால் விடை குறைந்து மறைவதற்குப் பதில் ஊதிப் பெருகும். இதற்குச் சோதனை தேவையில்லை, கண்ணாலேயே பிடிக்கலாம்.

## 6. சோதனை: இரண்டு வேண்டும், ஒன்று போதாது

மூன்று சோதனைகளைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு பிழைகளோடு மோதிப் பார்ப்போம். முதல் பிழை, 2!-ஐ மறந்து 4t² என்று எழுதியது. இரண்டாவது, A₁-உம் A₃-உம் தலைகீழானது.

சோதனை அ: s-க்கு ஓர் எண். s = 0 போட்டால் கொடுத்த F-இல் 5/2. பிரித்த வடிவில் 4 − 5 + 7 − 3.5 = 2.5. பொருந்துகிறது. இதுதான் எல்லோரும் செய்வது, ஏனென்றால் பூச்சியம் சுலபம். ஆனால் நம் கணக்கில் s = 0 என்பது ஏமாற்றும் புள்ளி. அங்கே s + 1 = 1, அதன் எல்லா அடுக்கும் 1. 4, −5, 7 மூன்றையும் எந்த வரிசையில் எழுதினாலும் கூட்டுத்தொகை மாறாது! தலைகீழ்ப் பிழை இதில் தப்பிவிடும்.

s = 1 போடுங்கள். கொடுத்தது 10/24, அதாவது 0.4167. பிரித்தது 4/8 − 5/4 + 7/2 − 7/3 = 0.4167. தலைகீழாக எழுதியிருந்தால் 7/8 − 5/4 + 4/2 − 7/3 = −0.708 வந்து காட்டிக்கொடுத்திருக்கும். எனவே விதி இது: எந்தக் காரணியும் 1 ஆகாத ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் இந்தச் சோதனை படி 4-ஐ மட்டும்தான் பார்க்கிறது. படி 5-இல் 2! மறந்தது இதற்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் f(t)-ஐ இது தொடவே இல்லை.

சோதனை ஆ: t = 0 அருகில். F(s)-இன் தொகுதியைப் பகுதியால் 1/s அடுக்குகளாக வகுத்தால் வரும் கெழுக்கள் வரிசையாக f(0), f'(0), f''(0)... ஆகும்.

```
F(s) = 0/s + 2/s² − 7/s³ + 22/s⁴ + ...
```

வகுப்பது கடினம் இல்லை. பகுதி s⁴ + 5s³ + 9s² + ...; முதல் உறுப்பு 2/s². அடுத்தது 3 − 5×2 = −7. அதற்கு அடுத்தது 5 − 5×(−7) − 9×2 = 22.

f(t) பக்கம் வகைக்கெழு எடுக்க வேண்டாம், e-அடுக்குகளைத் தொடராக விரித்தால் போதும். மாறிலி 7 − 7 = 0. t-இன் கெழு −5 − 7 + 14 = 2. t²-இன் கெழு 2 + 5 + 3.5 − 14 = −3.5, அதை 2!-ஆல் பெருக்கினால் −7. மூன்றும் பொருந்துகின்றன.

இப்போது என் பழைய பிழையைப் பாருங்கள். 2t²-க்குப் பதில் 4t² என்று எழுதினால் மாறிலி மாறாது, t-இன் கெழுவும் மாறாது. அந்த உறுப்பு t² உடன் தொடங்குவதால் f(0)-இலும் f'(0)-இலும் அதன் பங்கு பூச்சியம். f''(0)-க்குப் போனால்தான் −7 வர வேண்டிய இடத்தில் −3 வந்து மாட்டுகிறது. நான் ஒரு படி முன்னால் நின்றுவிட்டேன். m முறை வரும் துருவம் என்றால் m−1 ஆவது வகைக்கெழு வரை போக வேண்டும். அதற்கு முன் நின்றால் உச்ச உறுப்பு பார்வைக்கே வராது.

தலைகீழ்ப் பிழை மட்டும் f(0)-லேயே மாட்டும்: 4 − 7 = −3.

இதில் இன்னொரு பலனும் உண்டு. தெரியாத கெழுக்கள் நான்கு. துருவங்கள் சரியாக இருந்து f(0) முதல் f'''(0) வரை நான்கும் பொருந்தினால் விடை தவறாக இருக்க வழியே இல்லை. t³-இன் கெழு −2 − 5/2 − 7/6 + 28/3 = 11/3, 3!-ஆல் பெருக்க 22. பொருந்திவிட்டது, முடிந்தது.

சோதனை இ: பரப்பு. நேரம் இல்லாதபோது கைகொடுப்பது இது. எல்லாத் துருவங்களும் இடப்பக்கம் இருந்தால், f(t)-ஐ 0 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் F(0) வர வேண்டும். tⁿe^(−t)-இன் தொகையீடு n! என்பதால் மனத்திலேயே போடலாம்: 2×2 − 5×1 + 7 − 7/2 = 2.5. சரி.

4t² என்று எழுதியிருந்தால் 6.5 வரும், உடனே மாட்டும். ஆனால் தலைகீழ்ப் பிழையில் f(t) = (3.5t² − 5t + 4)e^(−t) − 7e^(−2t) ஆகிறது, பரப்பு 7 − 5 + 4 − 3.5 = 2.5. தப்பிவிட்டது. s = 0-இல் நடந்த அதே ஏமாற்று.

ஆக, நேரம் குறைவென்றால் f(0)-ஐயும் பரப்பையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்று விடுவதை மற்றொன்று பிடிக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது. நேரம் இருந்தால் f(0) முதல் f'''(0) வரை நான்கையும் போடுங்கள்.

இறுதி மதிப்புத் தேற்றத்தை இங்கே சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். sF(s), s → 0 என்றால் பூச்சியம். t → ∞ என்றால் f(t)-உம் பூச்சியத்துக்குப் போகிறது. ஆனால் கெழுக்கள் எல்லாமே தவறாக இருந்தாலும் அது பூச்சியத்துக்குத்தான் போகும்.

## 7. கணினியில் சரிபார்ப்பவர்களுக்கு

நேர்மாறு கேட்காதீர்கள். உங்கள் விடையைக் கொடுத்து நேர் மாற்றம் எடுத்து, F-இலிருந்து கழியுங்கள். நேர்மாறு கேட்டால் விடை வேறு வடிவில் வரும், இரண்டும் ஒன்றா என்று பார்ப்பதே இன்னொரு கணக்காகிவிடும்.

```python
from sympy import symbols, exp, laplace_transform, simplify
t, s = symbols('t s', positive=True)
f = (2*t**2 - 5*t + 7)*exp(-t) - 7*exp(-2*t)
F = (2*s**2 + 3*s + 5)/((s + 1)**3*(s + 2))
print(simplify(laplace_transform(f, t, s, noconds=True) - F))
```

0 வந்தால் சரி.

பகுதியை விரித்த வடிவில் கொடுத்து, மூலங்களை எண்களாகக் கண்டுபிடிக்கச் சொல்லும்போது கவனம் தேவை. மூன்று முறை வரும் −1 அப்படியே வராது. ஐந்தாவது தசம இடம் வாக்கில் வேறுபடும் மூன்று மூலங்களாக, சின்னக் கற்பனைப் பகுதியோடு பிரிந்து வரும். அவற்றை மூன்று தனித்தனித் துருவங்கள் என்று நம்பிப் பின்னம் பிரித்தால் கெழுக்கள் நூறு கோடி, ஆயிரம் கோடி என்ற அளவில் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த மாதிரி எண்களைப் பார்த்தால் எங்கோ ஒரு மடங்குத் துருவம் சிதறியிருக்கிறது என்று அர்த்தம். படி 2-க்குத் திரும்பி வகைக்கெழுச் சோதனையைப் போடுங்கள்.

(s²+1)² போலக் கற்பனைத் துருவங்கள் இரண்டு முறை வந்தால் படி 4-இன் இடமாற்றம் அங்கும் செல்லும், u = s − i என்று வைத்தால் போதும்; கலப்பெண்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பரப்புச் சோதனை மட்டும் அங்கே செல்லாது, துருவங்கள் இடப்பக்கம் இல்லை. சோதனை ஆ அப்படியே செல்லும். 1/(s²+1)²-இன் நேர்மாறு (sin t − t cos t)/2. அதைத் தொடராக விரித்தால் t³/6-இல் தொடங்குகிறது, அதாவது f'''(0) = 1; F(s) பக்கமும் முதல் உறுப்பு 1/s⁴ தான்.